இரண்டு தோலா என்றால் எவ்வளவு?

துபாய் தேராவில் நகைக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் நண்பர், வேலையில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னார். லாகூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் மகளின் கல்யாணத்துக்கு வளையல் பார்க்கிறார்கள். "தோ தோலாவில் காட்டுங்கள்" என்கிறார் கணவர். நண்பர் அதற்கு முன் மும்பையில் வேலை பார்த்தவர். அங்கே கடைத்தெருவில் தோலா என்றால் பேச்சுக்குப் பத்து கிராம்தான். அதனால் இருபது கிராமுக்குள் இருக்கும் வளையல்களாகத் தட்டில் அடுக்கினார். அவர்களுக்கும் ஒரு ஜோடி பிடித்துப்போயிற்று, பேரம் முடிந்தது. ரசீது போடும்போது எடையைப் பார்த்த கணவர், "இது இரண்டு தோலா இல்லையே" என்றார்.

பாகிஸ்தானில் தோலா என்றால் பழைய கணக்கு, 11.664 கிராம். இரண்டு தோலா 23.328 கிராம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 22 காரட் தங்கம் கிராம் 400 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.328 கிராம். பணமாகப் பார்த்தால் 1,331 திர்ஹம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் பேசியது ஒரே இந்துஸ்தானி, சொன்னது ஒரே சொல். கேட்டது மட்டும் வேறு வேறு. "அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு வியாபாரம் போயிற்று" என்றார் நண்பர்.

பல மொழி பேசும் ஊரில் கடை வைப்பது என்றால் பல மொழி தெரிந்திருந்தால் போதும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தேராவின் தங்கச் சந்தையில் இந்தி, உருது, மலையாளம், தமிழ், அரபி, பாரசீகம், வங்காளம், தகலோக், ரஷ்யன், ஆங்கிலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் காதில் விழும். வாசலில் நிற்கும் பையன் ஐந்து மொழியில் வணக்கம் சொல்வான். ஆனால் அங்கே பத்து வருஷம் நின்றவர்களைக் கேட்டால், சொல் தெரியாததால் வந்த வம்பு குறைவு, தெரிந்த சொல்லால் வந்த வம்புதான் அதிகம் என்பார்கள். சொல் தெரியவில்லை என்றால் இரண்டு பேருமே உஷாராகிவிடுவார்கள். தெரிந்த சொல் என்றால் யாரும் நின்று கேட்பதில்லை.

அந்தச் சந்தையின் விலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தங்கத்தின் விலையைக் கடைக்காரர் வைப்பதில்லை. துபாய் ஜுவல்லரி குரூப் என்ற வணிகர் அமைப்பு, உலகச் சந்தையைப் பார்த்து ஒரு நாளில் சில தடவை கிராம் விலையை அறிவிக்கும். 24, 22, 21, 18 என்று காரட் வாரியாகக் கடைகளின் பலகையில் அதுதான் இருக்கும். எந்தக் கடையிலும் அதே விலை. பேரத்துக்கு இடம் இருப்பது செய்கூலியில் மட்டும். 2018 ஜனவரியிலிருந்து நகைக்கு 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. ஆக மூன்றே அங்கம்: தங்கம், செய்கூலி, வரி.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கடைக்குள் வருகிறவர் ஒவ்வொருவரும் தங்கத்தைத் தன் ஊர்க் கணக்கில்தான் நினைத்துக்கொண்டு வருகிறார். தமிழரும் மலையாளியும் எட்டு கிராம் பவுனில் நினைக்கிறார்கள். பாகிஸ்தானியர் தோலாவில். வங்காளதேசத்தவருக்கு பரி, எடை அதே 11.664 கிராம்தான், ஆனால் தோலா என்று சொன்னால் சட்டென்று மனதில் ஏறாது. அரபு நாட்டவர் கிராமில் நினைப்பார்கள், ஆனால் பெரும்பாலும் 21 காரட் கேட்பார்கள். நம்மவர் 22-க்குக் கீழே போனால் "கலப்படமா?" என்பார்கள். 21 காரட்டில் மோசம் எதுவும் இல்லை, ஆயிரத்துக்கு 875 பங்கு தங்கம், 22-இல் 916. அந்தச் சந்தையில் கின்னஸ் சாதனை என்று காட்சிக்கு வைத்த சுமார் 64 கிலோ மோதிரமே 21 காரட்தான்.

காரட் என்ற சொல்லே ஒரு தொல்லை. தங்கத்தில் அது சுத்தத்தின் அளவு. வைரத்தில் எடையின் அளவு, ஒரு காரட் என்றால் 0.2 கிராம். அரபியில் தங்கத்தின் சுத்தத்துக்கு 'இயார்' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், போதாததற்குக் காய்கறி வேறு. "18 காரட்டில் அரை காரட் வைர மோதிரம்" என்று விற்பவர் ஒரே மூச்சில் சொன்னால், தங்கத்தில் பாதி குறைகிறதோ என்று திகைத்து நிற்பவர்கள் உண்டு. நண்பர் இப்போது சுத்தத்தைச் சொல்லும்போது மட்டும் காரட் என்கிறார். வைரத்துக்கு "சென்ட்" என்கிறார். நூறு சென்ட் ஒரு காரட், தொழிலில் எல்லாரும் புழங்கும் சொல்தான். அரை காரட் 50 சென்ட் ஆனதும் குழப்பம் போய்விடுகிறது.

இனி பேச்சுக்கு வருவோம். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் எந்த மொழியில் தொடங்குவது? முகத்தைப் பார்த்து ஊகிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கறுப்பாக, மீசையோடு ஒருவர் வந்தால் "வாங்க சார்" என்பார்கள். அவர் சூடானியராக இருப்பார். சிவப்பாக ஒருவர் வந்தால் "ஆயியே" என்பார்கள். அவர் காரைக்குடிக்காரராக இருப்பார். தவறான மொழியில் வரவேற்பது "உன்னை நான் இன்னாராக நினைத்தேன்" என்று சொல்வதற்குச் சமம், சிலருக்கு அது சுருக்கென்று தைக்கும். நண்பரின் வழி இது: ஸலாமோ குட் ஈவினிங்கோ சொல்லிவிட்டு அரை நிமிஷம் சும்மா இருப்பார். வந்தவர்கள் தங்களுக்குள் ஏதாவது பேசுவார்கள். அது எந்த மொழி என்று கேட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அவர்கள் அதே மொழியில் பதில் சொன்னால் தொடர்வார். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் ஆங்கிலத்திலேயே இருப்பார். தன் மொழி தெரிந்த கடைக்காரரிடம் வேண்டுமென்றே ஆங்கிலம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உறவு கொண்டாடி விலையில் இழுத்துவிடுவாரோ என்ற எச்சரிக்கை அது, நியாயமான எச்சரிக்கையும்கூட.

கனடாவின் மொன்றியால் நகரில் கடைக்காரர்கள் "போன்ஜூர்-ஹாய்" என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்த்து வரவேற்பார்கள். எந்த மொழி என்பதை வந்தவர் தேர்ந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு. 2017-இல் கியூபெக் சட்டமன்றமே "போன்ஜூர் மட்டும் சொல்லுங்கள்" என்று வணிகர்களைக் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டது. அங்கே வரவேற்பு அரசியல். துபாயில் அந்தச் சிக்கல் இல்லை, யாருடைய மொழிக்கும் கடையில் சிம்மாசனம் கிடையாது.

மரியாதைச் சொற்களில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் "நீங்க" என்றால் மரியாதை. அதை அப்படியே மலையாளத்துக்குக் கொண்டுபோய் "நிங்கள்" என்று சொன்னால், மலபார்க்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார். திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்துக்காரருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். அவர்களிடம் "சேட்டன்", "சேச்சி", "சார்" என்று உறவாலோ பதவியாலோ அழைத்து, நீ-நீங்கள் இரண்டையும் தவிர்ப்பதே வழக்கம். இந்தியில் இதற்கு நேர்மாறான கதை. நம் ஆட்கள் பலர் இந்தி கற்றது மும்பைத் தெருவிலோ துபாய் தங்குமிடத்திலோதான். அங்கே எல்லாரும் "தும்". லக்னோவிலிருந்தோ லாகூரிலிருந்தோ வந்த பெரிய மனுஷியிடம் "தும்" என்றால் முகம் சுருங்கிவிடும். "ஆப்" என்று தொடங்கினால் பாதி இலக்கணம் தப்பினாலும் மன்னிப்பார்கள்.

அரபி விஷயம் வேறு. வளைகுடாவில் வேலைக்கு வந்தவர்கள் பேசும் அரபி, ஊர் அரபியே அல்ல. மொழியியலாளர்கள் அதை வளைகுடாவின் கலப்பு அரபி என்று தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். வினைச்சொல்லின் வளைவுகள் எல்லாம் உதிர்ந்துபோய், "ஃபீ", "மாஃபீ" என்ற இரண்டு சொல்லால் பாதி உலகத்தைப் பேசிவிடலாம். ஃபீ என்றால் இருக்கிறது, மாஃபீ என்றால் இல்லை. பெண்ணிடமும் "இந்தா" என்ற ஆண்பால் நீதான். பேரத்துக்கு இந்த அரபி தாராளமாகப் போதும். அரபு வாடிக்கையாளர்களும் சிரித்துக்கொண்டு அதே பாணியில் பதில் சொல்வார்கள்.

ஆனால் அதே மாஃபீயை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசப் போனால் மாட்டிக்கொள்வோம். "ரிட்டர்ன் மாஃபீ" என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? நகையைத் திருப்பித் தரவே முடியாது என்பதா? பணமாகத் தரமாட்டோம், மாற்றி வேறு நகை எடுத்துக்கொள்ளலாம் என்பதா? இன்று முடியாது, நாளை வாருங்கள் என்பதா? மாஃபீ எல்லாவற்றுக்கும் பொருந்தும். சொன்னவர் இரண்டாவதை நினைத்துச் சொல்வார், கேட்டவர் தனக்கு வசதியானதைக் கேட்டுக்கொள்வார். நண்பர் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறார். நகையைக் காட்டுவது, அழகைச் சொல்வது, குழந்தையைக் கொஞ்சுவது, பேரம் பேசுவது எல்லாம் வாடிக்கையாளரின் மொழியில், எவ்வளவு உடைந்த மொழியானாலும் சரி. எடை, சுத்தம், விலை, திரும்பக் கொடுத்தால் என்ன, ஆர்டர் என்று வரும் என்ற ஐந்தும் வந்துவிட்டால், அந்த மொழி தனக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டுமே அதில் பேசுவார். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுவார். "இதை என் சகோதரர் அரபியில் சொல்லட்டும், நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவார். அப்படிச் சொன்னதற்காக இதுவரை யாரும் எழுந்து போனதில்லை என்கிறார்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் எண் ஒழுங்காக அடுக்கி வரும், எண்பத்தேழு என்றால் எண்பதும் ஏழும் காதில் விழும். இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். உன்ஹத்தர் 69, உனாஸி 79, நவாஸி 89. பிற்காலத்தில் இந்தி கற்ற தமிழர் கடைசி வரை தடுமாறும் இடம் இது. இதற்கு மேல் பின்னங்கள்: டேட் ஸௌ என்றால் 150, டாயி ஸௌ என்றால் 250, பௌனே தோ ஸௌ என்றால் 175. "டாயி ஸௌ குறையுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டு, விற்பவர் நூற்றைம்பது என்று எண்ணிச் சரி சொல்லிவிட்டால், நூறு திர்ஹம் யாருடைய பையிலிருந்து போகும்? அரபியில் ஒன்றின் இடம் முதலில் வரும், கம்ஸா வ இஷ்ரீன், ஐந்தும் இருபதும். கேட்டவுடன் எழுதத் தொடங்கும் கை முதலில் 5 போட்டுவிடும். கையெழுத்தில் அரபு எண்களைப் பார்த்தால், அவர்களுடைய ஐந்து நம் கண்ணுக்குப் பூஜ்யம் மாதிரியே இருக்கும். அவர்களுடைய பூஜ்யமோ வெறும் புள்ளி.

இதற்காகத்தான் சந்தை முழுக்கக் கால்குலேட்டர். எண்ணைத் தட்டி வாடிக்கையாளர் பக்கம் திருப்புவார்கள், அவர் அழித்துவிட்டுத் தன் எண்ணைத் தட்டித் திருப்புவார். வாயைத் திறக்காமலே பேரம் நடக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. கால்குலேட்டர் கடைசித் தொகையை மட்டும் காட்டும். அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் சண்டையே.

மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மூன்று பவுனில் செயின் பார்க்கிறது. அம்மா கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, சேதாரம் எவ்வளவு?" தமிழ்நாட்டில் வாங்கிப் பழகியவர்களுக்கு விலைக்கு மூன்று தலைப்பு: தங்கம், சேதாரம், செய்கூலி. துபாய் ரசீதில் சேதாரம் என்று தனி வரி வழக்கமில்லை. அதனால் விற்பவர் "சேதாரமே இல்லம்மா" என்று சொன்னால் எழுத்துக்கு எழுத்து உண்மை. அம்மா முகம் மலரும். ஆனால் நகை செய்யும்போது தேயும் தங்கத்தின் விலையும் செய்கூலிக்குள் அடக்கம். சேதாரம் போயிற்று என்று அம்மா நினைத்தது, பெயர் மாறி அடுத்த வரியில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் போய், ரசீதைப் படிக்கத் தெரிந்த மருமகன் இதைச் சொல்லும்போது, அந்தக் கடை அந்தக் குடும்பத்துக்கு முடிந்துபோகும். தமிழில் பேசி ஏமாற்றினான் என்ற பேச்சு வேறு. அந்நியன் தந்த ஏமாற்றத்தைவிட நம்மவன் தந்தது ஆழமாக நிற்கும். கேட்டவரின் மொழியில் சொல்லப்பட்ட அரைகுறை உண்மை, வேறு மொழியில் சொன்ன பொய்யைவிடக் கெட்டது என்பது என் கட்சி.

நண்பர் சொல்லும் பதில் இது: "இங்கே சேதாரம்னு தனியா போடமாட்டாங்கம்மா. எல்லாம் செய்கூலியிலேயே அடங்கிடும். இந்தச் செயினுக்குக் கிராமுக்கு முப்பது திர்ஹம்." சொல்லிவிட்டு ஒரு துண்டுத்தாளை எடுப்பார். பலகை விலை 400 என்று நாம் வைத்த கணக்கிலேயே பார்ப்போம். மூன்று பவுன், 24 கிராம். தங்கம் 9,600. செய்கூலி 24 முப்பது, 720. இரண்டும் கூட்டினால் 10,320. அதற்கு 5 சதவீத வரி 516. கொடுக்க வேண்டியது 10,836 திர்ஹம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் எழுதுவார். மலையாளிக்கு "பணிக்கூலி" என்று அவருக்குத் தெரிந்த சொல்லைச் சொல்வார், வடக்கத்தியருக்கு "மேக்கிங்". எண்கள் எல்லாருக்கும் ஒரே எண்கள். கடைசியில் வரும் ரசீதில் அரபியும் ஆங்கிலமும் இருக்கும்; துண்டுத்தாளின் வரிசையும் ரசீதின் வரிசையும் ஒன்றாக இருக்கும்படி எழுதுவது முக்கியம். அப்போதுதான் ஆங்கிலம் தெரியாதவரும் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒத்துப்பார்க்க முடியும்.

அம்மா பேரம் பேசுகிறார். செய்கூலியைக் கிராமுக்கு இருபதாகக் குறைத்தால் செய்கூலி 480, மொத்தம் வரியோடு 10,584. குறைந்தது 252. "பத்து ரூபா குறைச்சா 240 தானே" என்று கணக்குப் போடும் அப்பாவுக்கு, மீதி 12 வரியில் குறைந்தது என்று காட்டினால், அதிகம் கிடைத்ததே என்ற சந்தோஷம் மட்டுமில்லை, இந்த ஆள் கணக்கை மறைக்கவில்லை என்ற நிம்மதியும் வரும்.

செய்கூலியை வேறு விதமாகவும் சொல்வார்கள், அங்கேதான் பெரிய பள்ளம். சில நகைகளுக்குக் கிராமுக்கு இத்தனை திர்ஹம், சிலவற்றுக்கு தங்க விலையில் இத்தனை சதவீதம். "மேக்கிங் ட்வெல்வ்" என்று அவசரத்தில் சொல்கிறார் விற்பவர். அவர் நினைத்தது 12 சதவீதம். கேட்டவர் நினைத்தது கிராமுக்கு 12 திர்ஹம். கிராம் 400 என்றால் 12 சதவீதம் 48 திர்ஹம். 24 கிராம் செயினுக்கு ஒருவர் மனதில் 288, இன்னொருவர் மனதில் 1,152. அந்த ஒரே ஒரு "சதவீதம்" விழுந்துபோகக் காரணம் மொழி மாறும் வேகம். தன் மொழியில் பேசும்போது நாம் முழு வாக்கியம் பேசுகிறோம். அடுத்தவர் மொழியில் முக்கியச் சொற்களை மட்டும் பொறுக்கிப் போடுகிறோம். விழுந்துபோவது எப்போதும் அலகுதான், எண் விழாது. வாடிக்கையாளர் எதிர்பாராமல் சட்டென்று ஒப்புக்கொண்டால் அங்கே நிறுத்தித் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது நண்பர் கண்ட அடையாளம். பேரம் பேசாமல் யாராவது சரி என்றால் அவர் கேட்டது வேறு எண்.

"திரும்பக் கொடுத்தா எவ்வளவு எடுத்துக்குவீங்க?" என்பது அடுத்த கேள்வி. "நூறு சதவீதம்" என்று மார்தட்டுவார்கள். எதில் நூறு? மேலே சொன்ன செயினை, பலகை விலை மாறாத நாளில் திருப்பிக் கொடுத்தால், தங்கத்தின் 9,600-இல் நூறு சதவீதம் என்பதே பெரும்பாலும் அர்த்தம். கொடுத்தது 10,836. செய்கூலியும் வரியும் வராது. இதைத் திர்ஹமாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சதவீதமாகச் சொன்னால் எந்த மொழியிலும் தவறாகத்தான் கேட்கும். சுங்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நண்பர் எந்த மொழியிலும் பதில் சொல்வதில்லை. எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது அந்தந்த நாட்டு விதி, மாறிக்கொண்டே இருக்கும். விமான நிலையத்தில் மாட்டினால் "கடைக்காரன் சொன்னான்" என்றுதான் முடியும்.

எல்லா மொழியிலும் "இல்லை" என்பது ஒளிந்துதான் இருக்கும். "பார்க்கலாம்" என்று நம்மவர் சொன்னால் வாங்கமாட்டார் என்று நமக்குத் தெரியும். இந்தியில் "தேக்தே ஹைன்" அதற்கு உடன்பிறப்பு. அரபியில் "இன்ஷா அல்லாஹ்" உண்மையான சம்மதமாகவும் இருக்கலாம், நாசூக்கான மறுப்பாகவும் இருக்கலாம். "புக்ரா" என்றால் நாளை, சில சமயம் என்றாவது ஒரு நாள். இந்தியில் "கல்" என்பது நேற்றுக்கும் நாளைக்கும் பொது. வினை சரியாக இருந்தால் எது என்று தெரிந்துவிடும், ஆனால் கடை இந்தியில் வினையைத் தேட வேண்டியிருக்கும். சிரியா, லெபனான் பக்கத்துக்காரர்கள் புருவத்தைத் தூக்கி நாக்கால் ஒரு "ச்சு" கொட்டுவார்கள். நமக்கு அது பரிதாபம் மாதிரி கேட்கும், அவர்களுக்கு அது "வேண்டாம்". நம் தலையாட்டலோ அவர்களுக்கு இன்னும் பெரிய புதிர். அதனால் ஆர்டர் நாளை "புக்ரா" என்றோ "கல்" என்றோ சொல்வதில்லை. தேதியை எண்ணாக எழுதிக் கையில் கொடுப்பார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்து ஒரே நிமிஷத்தில் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முன்னால், அவருக்குத் தெரியாது என்று நினைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வது. "இவங்க வாங்கமாட்டாங்க, வெறும் பார்வைதான்" என்று தமிழில் சொல்வார்கள்; எதிரே இருக்கும் மலையாளிக்கு ஒரு எழுத்து விடாமல் புரியும். இந்தியில் சொன்னாலோ துபாயில் யாருக்குத்தான் இந்தி தெரியாது? ஊர் அரபிகளில் பலர் இந்திப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். புரியாவிட்டாலும் தொல்லைதான். மொழி மாறிய அந்த நொடியில், விலையைத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எதிராளி முடிவுகட்டிவிடுவார். முதலாளியிடம் குறைந்த விலை கேட்க வேண்டியிருந்தால் நண்பர் முதலில் சொல்லிவிடுவார்: "செய்கூலி குறைக்க முடியுமான்னு கேட்கிறேன்." பிறகு முதலாளியிடம் மலையாளத்தில் கேட்பார். வந்த பதிலை உடனே திரும்ப வாடிக்கையாளரின் மொழியில் சொல்வார், இல்லை என்ற பதிலையும்.

ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு மொழி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். போன மாதம் நான் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது டொரன்டோவிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் ஒரு பேத்தியும் அம்மம்மாவும் வந்தார்கள். பேத்திக்கு ஆங்கிலம்தான் வசதி, கார்டும் அவள் கையில். வழக்கமான விற்பனையாளர் பணம் வைத்திருப்பவரோடு பேசுவார். நண்பர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார், பேத்திக்கு ஆங்கிலத்தில், அம்மம்மாவுக்குத் தமிழில், இரண்டிலும் அதே அளவுக்கு. அதிலும் தமிழுக்குள் தமிழ் மாற்ற வேண்டியிருந்தது. அவர் "செயின்" என்றபோது அம்மம்மா "சங்கிலி" என்றார், பிறகு அவரும் சங்கிலிக்கு மாறிவிட்டார். அம்மம்மா காப்புக் கேட்டபோது ஆண்கள் போடும் தடித்த காப்பை எடுக்கப் போன கை, நடுவழியில் திரும்பி வளையல் தட்டுக்குப் போனது.

சங்கிலி 19.5 கிராம். பேத்தி தொகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள்.

"தம்பி, இது எத்தனை பவுண்?" என்றார் அம்மம்மா.

"ரெண்டரைக்குக் கொஞ்சம் குறைவும்மா. அரை கிராம் குறையுது."

"அப்ப ரெண்டரை எண்டு சொல்லாதேங்கோ." தராசைக் காட்டினார். "அதை ஒருக்கா இஞ்சால திருப்புங்கோ."

நண்பர் தராசைத் திருப்பி வைத்தார். அம்மம்மா கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.